இரவுப் பேருந்தில் விட்ட பை: கேட்கும் முறையும் சொல்லும் வரிசையும்

“ஐயா, நான் நேற்று இரவு உங்கள் பேருந்தில் வந்தேன். என்னுடைய கறுப்புப் பை தொலைந்துவிட்டது. தயவு செய்து கண்டுபிடித்துத் தாருங்கள்.”

பேருந்து நிறுவனத்திடம் விசாரிக்கும் உரையாடலோ மின்னஞ்சலோ எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் தருவது இந்த மூன்று வாக்கியங்களைத்தான். எழுத்துப்பிழை இல்லை, மரியாதை இருக்கிறது. ஆனால் இதைக் கேட்ட கவுண்டர் ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பேருந்து, எந்த இடம், எந்தப் பை என்ற மூன்றுமே இதில் இல்லை. மொழி சரியாக இருந்தும் வேலை நடக்காத பேச்சு இது. எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு சூழலை வைத்துப் பார்ப்போம்.

நீங்கள் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் இரவுப் பேருந்து ஏறுகிறீர்கள். டிக்கெட்டில் உள்ளது: மார்ச் 14, சனிக்கிழமை, நள்ளிரவு 12.15, இருக்கை 7சி. பட்டர்வொர்த்தில், பினாங்கு சென்ட்ரலில், காலை எட்டரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறீர்கள். பேருந்து அங்கே நிற்கவில்லை, அலோர் ஸ்டார் போகிறது. ஒன்பது மணிக்குப் பசியாறும்போதுதான் தெரிகிறது, முதுகுப்பை கையில் இல்லை. உள்ளே அசல் சான்றிதழ்கள் வைத்த கோப்பு. திங்கட்கிழமை காலை கல்லூரி நேர்முகத் தேர்வு.

முதலில் யாரை அழைப்பது? இணையத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் வாங்கிய தளத்தை அழைத்து நேரத்தைத் தொலைப்பதுண்டு. தளம் டிக்கெட் விற்ற இடம். பேருந்தை ஓட்டுவது வேறு நிறுவனம். அதன் பெயர் டிக்கெட்டிலேயே இருக்கும். தளம் கொடுத்த முன்பதிவு எண்ணைக் கவுண்டரில் சொன்னால், அவர்களுக்கு அது விளங்காமலும் போகலாம். ஆகவே முன்பதிவு எண் கையில் இருக்கட்டும்; ஆனால் பேச்சை அதில் தொடங்க வேண்டாம்.

அடுத்து நாள். இரவுப் பேருந்தின் மிகப் பெரிய சிக்கல் இதுதான், பாடநூல் உரையாடல்களில் இது வருவதே இல்லை. நம்மைப் பொறுத்தவரை தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடித்து, வீட்டில் விடைபெற்று ஏறிய பேருந்து ‘வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்’. நிறுவனத்துக்கோ அது சனிக்கிழமையின் முதல் பேருந்துகளில் ஒன்று. “வெள்ளி இரவு 12.15” என்று நீங்கள் சொன்னால், ஊழியர் 13ஆம் தேதிப் பட்டியலைத் திறந்து, அதற்கும் முந்தைய இரவில் புறப்பட்ட வேறொரு பேருந்தைப் பார்ப்பார். அங்கே 7சியில் வேறு ஒருவர் பெயர் இருக்கும். “உங்க பேரே இல்லையே” என்பார். நீங்கள் பதறுவீர்கள். இதைத் தவிர்க்க, நாளை இரண்டு முனையிலும் பிடித்துச் சொல்லுங்கள்: “வெள்ளிக்கிழமை ராத்திரி லார்க்கின்ல ஏறினேன். டிக்கெட்ல சனிக்கிழமை, 14ஆம் தேதி, 12.15ன்னு இருக்கு.” எழுத்தில் என்றால், “மார்ச் 14, சனிக்கிழமை, நள்ளிரவு 12.15 (வெள்ளி இரவு கழிந்து)” என்று எழுதலாம். ‘நேற்று’ என்ற சொல்லை அறவே விடுங்கள். மின்னஞ்சலை எப்போது திறப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. திறக்கும் நாளில் நம்முடைய ‘நேற்று’ வேறு ஒரு நாளாகியிருக்கும்.

ஊர்ப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. “ஜொகூர்–பட்டர்வொர்த் பஸ்” என்று சொன்னால் உங்கள் பயணத்தைச் சொல்கிறீர்கள், பேருந்தின் பயணத்தை அல்ல. நீங்கள் பட்டர்வொர்த்தில் இறங்கினீர்கள், பை இறங்கவில்லை. அது இந்நேரம் அலோர் ஸ்டார் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். “லார்க்கின்ல இருந்து அலோர் ஸ்டார் போற பஸ். நான் பட்டர்வொர்த்ல இறங்கிட்டேன்” என்றால் ஊழியருக்கு உடனே விளங்கிவிடும்: வண்டி இன்னும் ஓடுகிறது, ஓட்டுநரைக் கூப்பிடலாம்.

இப்போது இருக்கை எண். எண்ணைச் சொன்னால் போதும் என்றுதான் தோன்றும். தொலைபேசியில் 7சி என்பது 7பி ஆகவும் 7டி ஆகவும் கேட்கும்; மூன்றும் ஒரே ஒலியில் முடிகின்றன. எழுத்தில்லாமல் தொடர் எண் மட்டும் உள்ள பேருந்துகளில் வேறு குழப்பம். பதினேழும் பதினெட்டும், இருபத்தேழும் இருபத்தெட்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே இருக்கும். ‘ஒன்னு, ஏழு’ என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்வது நல்லது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஏழாம் எண் இருக்கை’ என்பதும் ‘ஏழாவது இருக்கை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது, இருக்கையில் ஒட்டியிருக்கும் எண். இரண்டாவது, முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஏழாவதாக வருவது. ஒரு வரிசைக்கு மூன்று இருக்கை உள்ள பேருந்தில், ‘ஏழாவது சீட்’ என்று கேட்டு எண்ணிக்கொண்டு போகிறவர் மூன்றாவது வரிசையிலேயே நின்றுவிடுவார். உங்கள் 7சியோ ஏழாவது வரிசையில். வகுப்பில் கரும்பலகையில் மூன்று மூன்றாகக் கட்டம் போட்டு, ‘ஏழாவது இருக்கை’, ‘ஏழாவது வரிசை’, ‘ஏழாம் எண்’ மூன்றையும் மாணவர்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். -ஆம், -ஆவது வேறுபாட்டை இலக்கண வகுப்பில் விளக்குவதைவிட இது வேகமாகப் பதியும்.

எண்ணோடு இடத்தையும் சேர்த்துச் சொன்னால் ஒன்று தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்திருந்த உங்களுக்கு இடம். முன்வாசல் வழியே ஏறிப் பின்பக்கம் பார்த்து நடந்து வருகிறவருக்கு அது வலம். நம் நாட்டுப் பேருந்துகளில் ஓட்டுநர் வலப்புறம், ஏறும் வாசல் இடப்புறம். ஆகவே ‘டிரைவர் பக்கம்’, ‘வாசல் பக்கம்’ என்றால் எந்தத் திசையைப் பார்த்து நின்றாலும் மாறாது. உங்கள் இருக்கை ஒற்றை இருக்கை என்று வைத்துக்கொள்வோம்: “டிரைவர் பக்கம், தனி சீட்டு, ஏழாவது வரிசை.” சி என்பது பி என்று கேட்டிருந்தாலும் இனிக் கவலையில்லை.

இருக்கையைச் சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. பை இருக்கையில் இருந்ததா? மேல் தட்டிலா, இருக்கைக்கு அடியிலா, காலுக்கு முன்னாலா, வண்டியின் வயிற்றுப் பகுதியில் உள்ள சாமான் அறையிலா? சாமான் அறை என்றால் இருக்கை எண்ணால் பயனே இல்லை, எந்தப் பக்கக் கதவு என்று சொல்ல வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்த பை வண்டி பிரேக் போடும்போது முன்னால் நகர்ந்து ஆறாவது வரிசைக்குக் கீழே போயிருக்கலாம். நடுவில் காலியான இருக்கைக்கு மாறி உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்: “டிக்கெட் 7சி. தாப்பா ஓய்விடத்துக்கு அப்புறம் பின்னால ஒன்பதாவது வரிசைக்கு மாறிட்டேன்.” மேலே, கீழே, அடியில், முன்னால், பின்னால் என்ற இடப்பொருள் சொற்களையெல்லாம் ஒரே சூழலில் பயன்படுத்த இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

அடுத்து வினைச்சொல். இங்கேதான் மாணவர்கள் தெரியாமலே ஊழியரின் மனத்தைச் சுருங்க வைத்துவிடுகிறார்கள். ‘தொலைந்துவிட்டது’ என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுமே, பேருந்தில் என்று. ‘உங்கள் பேருந்தில் காணாமல் போய்விட்டது’ என்றால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேட்பவர் உதவுவதை விட்டுத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார்: “பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல, டிக்கெட்லயே போட்டிருக்கு.” ‘பையை மறந்துவிட்டேன்’ பரவாயில்லை, ஆனால் வீட்டிலேயே மறந்துவிட்டதாகவும் பொருள்படும்.

நடந்ததை நடந்தபடி சொல்வது ‘பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்’ என்பதுதான். பேச்சில், ‘பேக்க விட்டுட்டு இறங்கிட்டேன்’. ‘விட்டுவிட்டு’ என்பதில் முதல் ‘விட்டு’ முதன்மை வினை: கைவிட்டது. அடுத்தது துணைவினை, செயல் முடிந்துபோனதையும், நினைக்காமல் நடந்ததையும் அது காட்டுகிறது. ‘இறங்கிவிட்டேன்’ என்பதிலும் அதே துணைவினை. பொறுப்பு என்னுடையது, இடம் உங்கள் பேருந்து என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ‘பையை எடுக்காமல் இறங்கிவிட்டேன்’ என்பதும் அதே அளவு நல்ல வாக்கியம்.

கேள்வியின் வடிவமும் இதே போலத்தான். “பை கிடைத்ததா?” என்று காலை ஒன்பது மணிக்குக் கேட்டால், ஊழியர் உண்மையைத்தான் சொல்வார்: “இல்லையே.” யாரும் இன்னும் தேடவே இல்லை. பேச்சு அங்கே முடிந்துவிடும். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது ஒரு செயலை: “டிரைவர்கிட்ட சொல்லி ஒருதடவை பார்க்கச் சொல்ல முடியுமா?” வண்டி அலோர் ஸ்டார் சேர்ந்து, துப்புரவுப் பணியாளர் ஏறி இறங்கிய பிறகு, பதினொரு மணிவாக்கில் இரண்டாவது முறை அழைக்கும்போதுதான் “கிடைச்சதா?” பொருத்தமான கேள்வி. இன்னொன்று, நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது. பகலில் கழுவிக் கூட்டிய வண்டி அன்றிரவே மறுபடி புது பயணிகளோடு கிளம்பலாம். ஆகவே முதல் அழைப்பிலேயே “வண்டி திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்பும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் பையின் வருணனை. மாணவர்கள் இதை முதலில் வைத்து, அதிலும் உள்ளே இருப்பதையே அடுக்குவார்கள்: கோப்பு, கண்ணாடி, குளிர்சட்டை, தண்ணீர்ப் புட்டி. தேடுகிறவர் பையைத் திறந்து பார்த்துக்கொண்டா வருவார்? அவர் கண்ணில் முதலில் படுவது வகை, அளவு, நிறம், பிறகு ஓர் அடையாளம். ‘பேக்’ என்று மட்டும் சொல்லாமல் முதுகுப்பையா, தோள்பையா, உருளிப் பெட்டியா என்று சொல்லுங்கள். நிறத்தில் ‘கறுப்பு’ மிகப் பலவீனமான அடையாளம்; பாதிப் பேருந்து கறுப்புப் பைதான். ‘ஊதா’வும் ஆபத்து. சில வீடுகளில் ஊதா என்றால் நீலம், சில வீடுகளில் கத்தரிப்பூ நிறம். கருநீலம், ‘பள்ளிச் சீருடை நீலம்’ என்று ஒப்பிட்டுச் சொன்னால் தெளிவு. இதற்கெல்லாம் மேலாக, அந்த ஒரு பைக்கு மட்டும் உள்ள அடையாளம் ஒன்று: கைப்பிடியில் கட்டிய சிவப்பு நாடா, அறுந்த ஜிப் இழுப்பான்.

எழுத்தில் இவற்றைப் பெயரெச்சங்களாக முன்னால் கோக்கலாம்: ‘கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிய, முன்பக்க ஜிப்பின் இழுப்பான் அறுந்த, நடுத்தர அளவிலான கருநீல முதுகுப்பை.’ படிக்க அழகு. தொலைபேசியில் இதைச் சொன்னால், ‘பை’ என்ற சொல் வருவதற்குள் கேட்பவர் பாதியை மறந்திருப்பார். பேச்சில் பெயரை முதலில் வைத்துவிட்டு மற்றதைச் சிறு சிறு வாக்கியமாக உடைக்க வேண்டும். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பிரியும் இடம் ஒலியில் மட்டும் இல்லை, வாக்கியத்தின் கட்டமைப்பிலும் இருக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வருணனையில் ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பை உங்களுடையதுதானா என்று அவர்கள் சோதிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டிவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. உட்பையில் இருக்கும் ஒரு சிறு பொருள் போதும். பணம் இருந்தால் எவ்வளவு என்று அறிவிக்கவும் வேண்டாம்.

இனி உரையாடல். கவுண்டரில் தமிழ் பேசுகிற ஒருவர் எடுக்கிறார் என்று கொள்வோம். மலாய்க்காரர் எடுத்தாலும் வரிசை இதேதான். பேசுபவர் மாணவி; மணி ஒன்பது பத்து.

“வணக்கம் அண்ணே. லார்க்கின்ல இருந்து அலோர் ஸ்டார் போற உங்க பஸ்ஸுல என் பேக்க விட்டுட்டு இறங்கிட்டேன். அதைப் பத்திப் பேசணும்.”

“எந்த பஸ்மா? எப்ப ஏறின?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினேன் அண்ணே. டிக்கெட்ல சனிக்கிழமை, 14ஆம் தேதி, 12.15ன்னு இருக்கு. நான் பட்டர்வொர்த்ல எட்டரைக்கு இறங்கினேன். பஸ் இன்னும் அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்திருக்காது.”

“சீட் நம்பர்?”

“7சி. டிரைவர் பக்கம் தனி சீட்டு, ஏழாவது வரிசை. பேக் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. முன்னால நகர்ந்திருக்கலாம்.”

“7டியா?”

“இல்லண்ணே, சி. தனி சீட்டு.”

“சரி, பேக் எப்படி இருக்கும்?”

“முதுகுல மாட்டுற பேக். கருநீலம். ரொம்பப் பெருசு இல்ல, ஸ்கூல் பேக் அளவு. கைப்பிடியில சிவப்பு நாடா கட்டியிருக்கு.”

“உள்ள என்ன இருக்கு?”

“சர்ட்டிஃபிகேட் ஃபைல் இருக்குண்ணே. திங்கட்கிழமை காலையில இன்டர்வியூ, அசல் எல்லாம் அதுலதான். டிரைவர்கிட்ட சொல்லி ஒருதடவை பார்க்கச் சொல்ல முடியுமா?”

“இப்ப ஓட்டிக்கிட்டு இருப்பாரு. நின்னதும் சொல்றேன். உன் நம்பரக் கொடு.”

“கொடுக்கிறேன் அண்ணே. நான் பதினொரு மணிக்குத் திரும்பக் கூப்பிடட்டுமா? வண்டி மறுபடி எத்தனை மணிக்குக் கிளம்பும்?”

“ராத்திரி ஒன்பதுக்கு. கிடைச்சா, உள்ள வேற என்ன இருக்குன்னு கேப்போம், சரியா சொல்லணும்.”

“சொல்றேன் அண்ணே. உங்க பேரு என்னன்னு தெரிஞ்சுக்கலாமா? திரும்பக் கூப்பிடும்போது சொல்றதுக்கு.”

மாணவி ‘தயவு செய்து’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அண்ணே’யும் ‘முடியுமா’வும் ‘கூப்பிடட்டுமா’வும் அந்த வேலையைச் செய்துவிட்டன. அவசரத்தையும் கெஞ்சலாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை, நேர்முகத் தேர்வு, அசல் என்று தகவலாகச் சொன்னாள். உட்பையில் இருக்கும் விபூதிப் பொட்டலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இதே செய்தியை மின்னஞ்சலாக எழுதினால் தலைப்பிலேயே பேருந்து வந்துவிட வேண்டும். ‘உதவி தேவை’, ‘அவசரம்’ போன்ற தலைப்புகளை வைத்துக்கொண்டு யாரும் எந்தப் பட்டியலையும் தேட முடியாது.

பொருள்: பேருந்தில் விட்ட பை – மார்ச் 14, நள்ளிரவு 12.15, லார்க்கின்–அலோர் ஸ்டார், இருக்கை 7சி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,

மார்ச் 14, சனிக்கிழமை, நள்ளிரவு 12.15 மணிக்கு (வெள்ளி இரவு கழிந்து) லார்க்கினிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் புறப்பட்ட தங்கள் பேருந்தில் பயணம் செய்தேன். காலை 8.30 மணியளவில் பினாங்கு சென்ட்ரலில் இறங்கியபோது என் பையை எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

என் இருக்கை எண் 7சி. ஓட்டுநர் பக்கம் உள்ள ஒற்றை இருக்கை. பையை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். அது கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிய, நடுத்தர அளவிலான கருநீல முதுகுப்பை. அதில் என் அசல் சான்றிதழ்கள் உள்ளன. மார்ச் 16, திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வுக்கு அவை தேவைப்படுகின்றன.

பேருந்தில் அந்தப் பை இருக்கிறதா என்று பார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன். இருந்தால், எந்த நிலையத்தில், எந்த ஆவணத்தைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். இன்று காலை 9.10 மணிக்குத் தொலைபேசியிலும் தகவல் தெரிவித்துள்ளேன். பயணச்சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இவ்வளவுதான். நலம் விசாரிப்பும், பேருந்துச் சேவையைப் பாராட்டும் முன்னுரையும் இதற்கு வேண்டாம். ‘இருக்கிறதா என்று பார்த்துத் தெரிவிக்க’ என்று கேள்வியை வாக்கியத்துக்குள் அடக்கும்போது கேள்விக்குறி வராது. பலர் இங்கே ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: இருவர் இருவராக, முதுகோடு முதுகு சேர்த்து உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் கையில் டிக்கெட். மற்றவர் கையில் இருக்கைப் படமும், அன்று கிடைத்த மூன்று பைகளின் குறிப்பும். மூன்றும் முதுகுப்பைகள், இரண்டு கருநீலம், அவற்றில் ஒன்றில்தான் சிவப்பு நாடா. 7சிக்கு அடியில் எதுவும் இல்லை, 6சிக்கு அடியில் ஒன்று இருக்கிறது. கவுண்டர்க்காரர், கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். “7சியில இல்லையே” என்ற பதிலுக்குப் பிறகு மாணவர் என்ன கேட்கிறார் என்பதைப் பாருங்கள். “சரி, நன்றி” என்று வைத்துவிடுகிறாரா, “முன் வரிசைக்குக் கீழ பார்த்தாங்களா?” என்று கேட்கிறாரா? புள்ளியை அங்கே போடுங்கள்.